இருளாண்டி கடைசியில் நிற்பார்

மலேசியாவில், புக்கிட் காத்திலில் ஒரு தாமான் குடியிருப்பு. அதன் கடைசி வரிசையில், கடைசி வீடு. பிற்பகல் மூன்று மணி அடித்ததும் சாப்பாட்டு மேசைமேல் இருந்த மடிக்கணினி, "இருளாண்டி!" என்று கூப்பிட்டது.

"ஆங், வர்றேன்!" என்று குளியலறையிலிருந்து பதில் போனது.

மடிக்கணினி கூப்பிட்டது இருளாண்டியை இல்லை. அதற்கு முன்னால் தலை வாரி, பொட்டு வைத்து, மேலே ஆபீஸ் சட்டையும் கீழே பழைய பத்தேக் கைலியுமாக உட்கார்ந்திருந்த அவருடைய மகள் திவ்யதர்ஷினியைத்தான். ஆனால் அது ரோட்டர்டாமுக்குத் தெரியாதே! ரோட்டர்டாமைப் பொறுத்தவரை அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர்தான் இருளாண்டி.

கப்பல்களுக்குப் பம்ப் செய்யும் ஒரு டச்சுக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் மாதம் வீட்டிலிருந்தே வேலை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பிற்பகல் மூன்று. பெர்மிட் வந்ததும் விமானம் ஏற வேண்டும். முதல் நாள் மேனேஜர் திரையில் தோன்றி, வாய் நிறையச் சிரித்து, "வெல்கம், இருளாண்டி!" என்றார். திவ்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த அன்றைக்கே மேனேஜரைத் திருத்தினால் நன்றாகவா இருக்கும், நாளைக்குச் சொல்லிக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் மேனேஜர் அவளைப் பதினோரு பேருக்கு அறிமுகப்படுத்தினார். பதினோரு பேரும் கையை ஆட்டி "ஹாய், இருளாண்டி!" என்றார்கள். அந்த நேரம் பார்த்து நிஜ இருளாண்டி இடுப்பில் துண்டோடு பின்னால் வந்து நின்று, "யெஸ் பாஸ்?" என்றார்.

முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரே ஒரு வாக்கியம். மூன்றாம் நாள் சொன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒன்பதாம் நாள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பாவம், இந்தப் பெண் இப்படியே யோசித்து யோசித்து நாளைக் கடத்திவிட்டாள்.

இருளாண்டிக்கோ கொண்டாட்டம். அவர் செலண்டாரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். விடியுமுன்னே போய் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஐம்பத்தேழு வயதுக்குள் அந்தப் பெயரை யாரும் அவரிடம் ஆசையாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் 'இருட்டு' என்றார்கள். கிளினிக்கில் தாதி அதை மூன்றாக உடைத்து, மூன்றையும் தப்பாகச் சொல்வாள். இப்போது என்னவென்றால், கடல் தாண்டி வெள்ளைக்காரர்கள் தினமும் சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள். விடுவாரா மனுஷன்? நைனா முகம்மது டீக்கடையில் தே தாரேக் டீயை வைத்துக்கொண்டு, "ஹாலந்துல ஆபீஸ் தெறந்தா மொத வார்த்தையே என் பேருதான் பாய்!" என்று அளந்துகொண்டிருந்தார்.

"பேசாம நீங்களே போய் அந்த வேலைய பாருங்க லா," என்றார் நைனா முகம்மது.

புதன்கிழமை வேலை ஒப்பந்தத்தின் முழுப் பிரதி வந்தது. திறந்து பார்த்தவள் "அம்மா!" என்று கத்திய கத்தலில், அடுப்படியில் இருந்த திலகா கரண்டியோடு ஓடி வந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: டி.ஏ.பி. இருளாண்டி.

"என்னாடி இது, டி.ஏ.பி. கட்சிக்காரன் பேரு மாதிரி இருக்கு?"

"அவங்க ஊர்ல முன்னால இருக்குறதெல்லாம் இனிஷியலா சுருக்கிருவாங்கம்மா. திவ்யதர்ஷினி வெறும் டி ஆயிருச்சு. ஏ/பி-யும் ஏதோ ரெண்டு பேருன்னு நெனச்சு, ஏ, பின்னு போட்டுட்டாங்க. கடைசில இருக்குறதுதான் குடும்பப் பேருன்னு, அப்பா பேர மட்டும் முழுசா விட்டு, அதயே என் பேராக்கிட்டாங்க."

அந்த ஏ/பி மலாய்க்காரர் சொல்லும் 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள். இருளாண்டியின் மகள் திவ்யதர்ஷினி என்று அடையாளக் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே வரியாக நிற்கும். மலேசியாவில் பிறந்த தமிழருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே போனால்தான் வினை.

ஒப்பந்தத்தோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. பெர்மிட் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேதி தவறினால் புதிய கப்பல் வேலைக்கு அடுத்த ஆளை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், வருந்துகிறோம். நான்கு வருடம் படித்து, மூன்று வருடம் ஆயர் கெரோ பக்கத்து ஃபேக்டரியில் கிடந்து, எழுபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை. டி.ஏ.பி. இருளாண்டி என்று ஒரு ஆளே உலகத்தில் இல்லாதபோது அவருக்கு யார் பெர்மிட் கொடுப்பார்கள்?

திவ்யாவுக்கு வந்த ஆத்திரத்தில் படபடவென்று ஒரு குறிப்பு அடித்தாள். அனுப்புமுன் அம்மாவுக்குத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"'இருளாண்டி என் பேரு இல்ல. தயவு செஞ்சு அத எல்லா எடத்துலருந்தும் எடுத்துருங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம். திவ்யதர்ஷினின்னு மட்டும் போடுங்க.' போதுமாம்மா?"

அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருளாண்டி நின்றிருந்தார். கையில் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங் பொட்டலம், சூடு ஆறாமல் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

"எடுத்துரச் சொல்லும்மா," என்றார். "நல்லதுதானே. எடுத்துரச் சொல்லு."

"அப்பா, நான் அப்படிச் சொல்லல..."

"இல்ல லா, சரிதான். எனக்கே அது புடிக்காது சின்னதுல." பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "இனிமே அது கூப்பிட்டா நான் வரமாட்டேன். தொந்தரவு பண்ணமாட்டேன்." மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு அடங்கியது.

ஒன்பது நாளாகச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல், சொல்லக் கூடாத ஆள் காதில் விழும்படி சொல்லியாயிற்று. திலகா ஒரு பீசாங் கோரேங்கை எடுத்து, ஊதிக்கொண்டே கேட்டார்.

"ஏன்டி, ஒங்கப்பன் பேர எடுத்துட்டா மட்டும் பாஸ்போர்ட்டோட எப்படி ஒத்துப்போகும்?"

அடக் கடவுளே! திவ்யா அடித்ததை எல்லாம் அழித்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவள் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அன்புள்ள ஜூஸ்ட், இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். என் பெயர் திவ்யதர்ஷினி. ஒன்பது நாளாக நீங்கள் கூப்பிடுவது என் அப்பாவை. அவரும் ஒன்பது நாளாக வந்துகொண்டிருக்கிறார்.

பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே வரி: Divyadharshini A/P Irulandi. முதலில் என் பெயர். நடுவில் இருப்பது 'மகள்' என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம், இனிஷியல் அல்ல. கடைசியில் என் அப்பா பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. அம்மா கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பா பெயரோடுதான் இருக்கிறார். நாளை நானும் அப்படித்தான். அதனால் 'மிஸ் இருளாண்டி' வேண்டாம். மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் 'மிஸ் திவ்யதர்ஷினி'. பழகின பிறகு திவ்யா போதும்.

உங்கள் பெயர் வான் டெர் லான். ஆனால் கம்பெனி தொலைபேசிப் பட்டியலில் உங்களை L-க்குக் கீழேதான் தேடிப் பிடித்தேன். 'வான் டெர்' நடுவில் நிற்கும், அதை வைத்து யாரும் உங்களைக் கூப்பிடுவதில்லை. என் ஏ/பி-யும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: என்னை D-க்குக் கீழே போடுங்கள். மின்னஞ்சல், பெயர் அட்டை எல்லாவற்றிலும் திவ்யதர்ஷினி. ஒப்பந்தத்திலும் பெர்மிட்டிலும் மட்டும் பாஸ்போர்ட் வரி அப்படியே முழுசாக வர வேண்டும். எதையும் சுருக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கிற வரியில் சாய்கோடு இருக்காது. அதைப் பார்த்துக் குழம்பாமல் மேலே இருப்பதைப் பாருங்கள்.

சொல்லும் விதம்: ஐந்து தட்டு. திவ்-ய-தர்-ஷி-னி. எல்லாத் தட்டும் ஒரே கனம். உங்கள் ஊரில் ஏதாவது ஒன்றை அழுத்துவீர்கள், அநேகமாக 'ஷி'யைப் பிடித்து இழுப்பீர்கள். வேண்டாம், 'ஷி'யும் 'னி'யும் குட்டை. 'த'வுக்கு நாக்கு நுனி மேல் பல்லைத் தொட வேண்டும். கை தட்டிச் சொல்லி ஒலிப்பதிவு இணைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. என்னை இருளாண்டி என்று கூப்பிடாதீர்கள், ஆனால் அந்தப் பெயரை எடுத்தும் விடாதீர்கள். அது இல்லாமல் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன். அது இருக்க வேண்டிய இடம் கடைசி. வரிசையில் பிள்ளைகளை முன்னே விட்டு அப்பாக்கள் பின்னால் நிற்பார்களே, அந்த மாதிரி."

ஒலிப்பதிவு செய்யும்போது "னி" முடிந்த கையோடு திலகாவின் குக்கர் விசில் அடித்துத் தொலைத்தது. மறுபடி பதிவு செய்யப் பொறுமையில்லை. மணி ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். பதிலைக் காணோம். திவ்யா நகத்தைத் தின்று தீர்த்து, ஆறிப்போன பீசாங் கோரேங்கையும் தின்று தீர்த்தாள். "எழுதினது ரொம்ப நீளமோ? திமிருன்னு நெனச்சுருவாரோ? வேலையே வேணாம்னு சொல்லிருவாரோ?" என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

"பேரு நீளமா இருந்தா குறிப்பும் நீளமாத்தான் இருக்கும். உக்காருடி, தலை சுத்துது," என்றார் திலகா.

நாற்பதாவது நிமிடம் பதில் வந்தது. திவ்யா அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திலகாவுக்கே தெரியவில்லை.

"என்னாடி சொல்றாரு?"

"ரொம்ப தேங்க்ஸாம். நாளைக்கே புது ஒப்பந்தம் வருமாம். அப்புறம்..." அவளுக்கு மூச்சு முட்டியது. "அப்புறம், அவரு பேரு ஜூஸ்ட் இல்லயாம்மா! யோஸ்ட்டாம்! ஒம்பது நாளா நான் அவர ஜூஸு, ஜூஸுன்னு கூப்டுருக்கேன். அவருக்கும் சொல்றதுக்குக் கூச்சமாம்!"

திலகாவும் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இருளாண்டி உள்ளே வந்தார், இருவரையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். திவ்யா பின்னாலேயே ஓடினாள். "அப்பா, நான் மாத்தி எழுதிட்டேன், படிச்சுக் காட்டுறேன், கேளுங்களேன்."

"எனக்கு எதுக்கு லா ஆபீஸ் விஷயம்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மடிக்கணினி, "திவ்-ய-தர்-ஷி-னி!" என்றது. ஒவ்வொரு தட்டும் ஒரே கனம். திவ்யாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சொந்தப் பெயரைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். முன்வாசலில் இருளாண்டி மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று மணி ஆனதும் அவர் கை ஒரு கணம் நின்றது. கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்ததும் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த மகளுக்குச் சந்தோஷம் பாதி போய்விட்டது. நைனா முகம்மது கடைப் பக்கமும் அன்றைக்கு அவர் போகவில்லை.

புது ஒப்பந்தம் வந்தது. பெயர் வரி முழுசாக இருந்தது. ஆனால் பெர்மிட் விண்ணப்பத்தில் இரண்டு பெட்டி: ஒன்று முன்பெயருக்கு, ஒன்று குடும்பப் பெயருக்கு. இரண்டாவதைக் காலியாக விட்டால் கணினி நகரமாட்டேன் என்றது. யோஸ்ட் வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர்கள் ஊர் பெர்மிட் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். பாஸ்போர்ட்டில் பெயர் பிரிக்கப்படாமல் ஒரே வரியாக இருந்தால், அந்த முழு வரியும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போக வேண்டுமாம், முன்பெயர்ப் பெட்டி காலியாக இருக்கலாமாம். மகளும் ஏ/பி-யும் அப்பாவும் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள், திருவிழாவுக்குப் போகிற காரில் ஏறுகிற மாதிரி. இங்கே மணி நாலே முக்கால். "விண்ணப்பம் பெறப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. கெடுவுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் பாக்கி!

திவ்யா கைலியோடு எழுந்து ஒரு ஆட்டம் போட்டாள். கேமரா ஓடிக்கொண்டிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரையில் பதினோரு பேரும் கைலிக்குக் கை தட்டினார்கள். பிறகு யோஸ்ட் "ஒன், டூ, த்ரீ" சொல்ல, எல்லாரும் சேர்ந்து கை தட்டிச் சொன்னார்கள்: "திவ்-ய-தர்-ஷி-னி... உஷ்ஷ்ஷ்ஷ்!"

"கடைசில என்னா அது, உஷ்ஷு?" என்றார் திலகா கதவோரமாக.

"ஐயோ, அம்மா, ஒங்க குக்கர்! பதிவுல இருந்ததயும் சேத்துப் படிச்சுட்டாங்க!"

சிரித்து ஓய்ந்ததும் யோஸ்ட் கழுத்தை நீட்டி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எதையோ தேடுகிறவர் மாதிரி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நான்கு தட்டாக, மெதுவாகக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் இ-ரு-ளாண்-டி?"

முன்வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. ஆனால் ஆள் அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்.

"மிஸ்டர் இருளாண்டி!"

"அப்பா!" என்று திவ்யா கத்தினாள். "வாங்கப்பா! இந்தத் தடவ ஒங்களத்தான்!"

இருளாண்டி மெல்ல வந்தார். கையில் இன்னும் அந்த எண்ணெய்த் துணி. திரையைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "என்னையா? என்னாத்துக்கு?"

யோஸ்ட் ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். திவ்யா தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. "'அந்தப் பேர எடுத்துராதீங்க. அது இல்லாம நான் வேற யாரோ ஆயிருவேன். அது இருக்க வேண்டிய எடம் கடைசி. வரிசைல புள்ளைங்கள முன்னால விட்டு அப்பாங்க பின்னால நிப்பாங்களே, அந்த மாதிரி.' நான் எழுதுனதுப்பா. அனுப்புனது இதுதான்."

இருளாண்டி எண்ணெய்த் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அன்னைக்கு வேற மாதிரி படிச்ச?"

"அத அழிச்சுட்டேன்."

ஒன்பது நாள் தவறாமல் வந்ததற்கு நன்றி என்றார் யோஸ்ட். உங்கள் முழுப் பெயரையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், சொல்லுங்கள் என்றார். இருளாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ரோல் கால் எடுக்கும்போது சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இருளாண்டி ஏ/எல் அங்கமுத்து!"

திரையில் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். யோஸ்ட் நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார். ஏ/எல் என்றால் மகன். அங்கமுத்து உங்கள் அப்பா. அவரை நான் கூப்பிடவில்லை. நான் கூப்பிட வேண்டியது மிஸ்டர் இருளாண்டி. சரிதானே?

இருளாண்டி வாயைப் பிளந்தார். "அட! புடிச்சுக்கிட்டானே பய!" என்றார் மகளிடம். அவர் கண் கலங்கியிருந்தது, வாய் காது வரை போயிருந்தது. கையில் இருந்த துணியால் கண்ணைத் துடைக்கப் போனவரை, எண்ணெய் என்று சொல்லி திலகா தடுத்தார்.

"நம்ம ஊரு கிளினிக்ல முப்பது வருஷமா வரல இது," என்றார். பிறகு கூச்சத்தோடு திரைப் பக்கம் குனிந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒன் மோர் டைம், பாஸ். ப்ளீஸ் லா."

பதினோரு பேரும் யோஸ்ட்டும் கையை ஓங்கினார்கள். நான்கு தட்டு.

"ஆங்!" என்றார் இருளாண்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. "வந்துட்டேன்!"